ஐஸ் தின்னும் வீடு

ஃபிரிட்ஜில் ஒரு கோளாறும் இல்லை என்று மெக்கானிக் அடித்துச் சொல்லிவிட்டார். காலையில் எழுந்து பார்த்தால் ஐஸ் தட்டில் மேலே மெல்லிய ஆடை மட்டும் கட்டி, அடியில் வெறும் தண்ணீராகக் கிடக்கிறது என்பது மகனின் புகார்.

"விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி யாரோ ஐஸை எடுத்துட்டு, புதுத் தண்ணி ஊத்தி வைக்கிறாங்க சார். மெஷின் என்ன பண்ணும்?" என்று கேட்டு, வந்ததற்கான கூலியை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் திரும்பி மகனைப் பார்த்தார்கள். அவன் பாவம், தனக்குப் பல்கூச்சம் என்றும், பச்சைத் தண்ணீரே ஆகாது என்றும் சத்தியம் செய்தான். யாரும் நம்பவில்லை. நம்பாத மாதிரி இருப்பதுதான் இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது.

மாமியார் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். முகத்தைப் பார்த்தே டிக்கெட் இல்லாதவனைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று டிப்போவில் பெயர். அப்படிப்பட்டவள், கொஞ்ச நாளாக பின்ராத்திரியில் பூனை மாதிரி சமையலறைக்குப் போய், சத்தம் வராமல் இருக்க ஐஸ் தட்டைத் துண்டில் சுற்றி முறுக்கி, கட்டிகளைக் கிண்ணத்தில் கொட்டி, இருட்டில் நின்றபடி நறநறவென்று மென்றுகொண்டிருந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. சோறு வேண்டாம், காபி வேண்டாம். பல்லுக்கு அடியில் ஐஸ் உடையும்போதுதான் தலைக்குள் ஒரு விளக்கு எரிகிற மாதிரி இருந்தது. பேரனோ பேத்தியோ வரப்போகிற வயதில் திருட்டு ஐஸ்! வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும்.

மெக்கானிக் வந்துபோன அன்று ராத்திரி அவள் போனபோது, ஃபிரிட்ஜ் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் மருமகள் ஸ்டூலில் உட்கார்ந்து, எட்டு மாத வயிற்றின் மேல் கிண்ணத்தை வைத்துக்கொண்டு மென்றுகொண்டிருந்தாள். வயிறு நல்ல மேசையாக அமைந்திருந்தது.

வாயில் ஐஸ் இருந்த மருமகளால் பேச முடியவில்லை. கையில் துண்டோடு நின்ற மாமியாருக்குப் பேச வாய் வரவில்லை.

"தண்ணி குடிக்க வந்தேன்" என்றாள் மாமியார்.

"துண்டு எதுக்கு அத்தை?"

மருமகள் கிண்ணத்தை நீட்டினாள். மாமியார் ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டு இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவர்களிடம் அவள் எப்போதும் கடுமையாகத்தான் நடந்துகொண்டிருக்கிறாள். பிடித்தவளும் திருடியாக இருந்தால் என்ன செய்வது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

இந்த இடத்தில் பழைய சண்டையைச் சொல்லியாக வேண்டும். காலமெல்லாம் பஸ் படி ஏறி இறங்கி மாமியாரின் முட்டி தேய்ந்துபோனது. யாரோ சொன்ன வலி மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கி, வெறும் வயிற்றில் போட ஆரம்பித்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் மருமகள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். ஒருநாள் வீடு நிறைய சொந்தக்காரர்கள் இருக்கும்போது, மாத்திரை அட்டையைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டாள். மாமியார் எழுந்தாள். கூடைக்குள் கையை விட்டு அட்டையை எடுத்தாள், புடவைத் தலைப்பில் துடைத்தாள், அத்தனை பேர் முன்னாலும் ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். "என் முட்டி, என் மாத்திரை, என் வயிறு. நடுவுல நீ யாரு?" என்றாள். "அப்போ அந்த வயித்துக்கு ஏதாவது ஆச்சுன்னா என்கிட்ட வராதீங்க" என்றாள் மருமகள்.

அன்றிலிருந்து ஒருவர் உடம்பைப் பற்றி இன்னொருவர் பேசுவதில்லை என்று எழுதாத ஒப்பந்தம். கடைக்குப் போனாயா, பால் வந்ததா, கேஸ் தீர்ந்ததா, எல்லாம் பேசுவார்கள். தும்மினால்கூடக் கேட்க மாட்டார்கள். மருமகள் கர்ப்பம் என்பதே மகன் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. அந்தச் செய்தியைக் கேட்டு மாமியார் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். வெளியே வந்து, "ஓ, அப்படியா" என்றாள்.

"இது எத்தனை நாளா?" என்று இப்போது கேட்டது மாமியார்தான். கேட்ட பிறகுதான் ஒப்பந்தத்தை மீறிவிட்டோம் என்று உறைத்தது.

"அஞ்சாம் மாசத்துலேர்ந்து. ஆஸ்பத்திரியில நர்ஸ்கிட்ட நேத்துதான் சொன்னேன். திட்டித் தீத்துட்டாங்க. உடம்புல இரும்புச் சத்து இல்லன்னா இப்படி ஐஸ் மேல வெறி வருமாம். சில பேருக்கு மண்ணு, சில பேருக்குச் சாக்பீஸ். எனக்கு ஐஸ்."

"மாத்திரை குடுத்திருக்காங்கல்ல?"

"போட்டேன், ஆனா டீயோட போட்டேன். டீ குடிச்சா அந்தச் சத்து உடம்புல ஒட்டவே ஒட்டாதாம். அப்புறம் விட்டுட்டேன். வயித்தைக் கட்டிப் போட்டுடுது. போறதும் கறுப்பா போகுது, பாக்கவே பயமா இருந்துச்சு."

மாமியாருக்குக் கோபம் வந்தது. உள்ளே இருக்கும் குழந்தைக்குச் சேர வேண்டிய ரத்தம் அல்லவா! இந்தக் காலத்துப் பெண்களுக்கு எதற்கெடுத்தாலும் சாக்கு என்று நினைத்தாள்.

"கறுப்பா போனா என்ன இப்போ? குடி முழுகிப் போயிடுமா? எனக்கும்தான் பத்துப் பதினஞ்சு நாளா தாரு மாதிரி போகுது. நான் எந்த இரும்பு மாத்திரையைக் கண்டேன்? பேசாம இருக்கல?"

வாதத்தில் ஜெயித்துவிட்ட நிம்மதியோடு அவள் அடுத்த கட்டியை எடுத்தாள்.

மருமகள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"தாரு மாதிரின்னா?"

"தாருன்னா தாருதான். பிசுபிசுன்னு. நாத்தம் வேற. இதெல்லாமா பேசுவாங்க?"

"நீங்களும் ஐஸ் திங்கறீங்க."

"நாக்கு வறட்சி."

"மாடி ஏறினா மூச்சு வாங்குது. நேத்து துணி காயப்போடும்போது சுவரைப் பிடிச்சிட்டு நின்னீங்க. நான் பாத்தேன், ஒப்பந்தத்தால கேக்கல." மருமகள் விளக்கைப் போட்டாள். அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க ஊரார் கண்ணைப் பார்த்துப் பார்த்து, அனுமதி கேட்காமல் முகத்தில் கைவைப்பது பழக்கமாகிவிட்டது. மாமியாரின் கீழ் இமையை விரலால் இழுத்தாள். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காகிதம் போல் வெளுத்திருந்தது.

"அத்தை, அந்த முட்டி மாத்திரையை இன்னும் போடறீங்களா?"

நிறுத்திவிட்டதாக மகனிடம் சொல்லியிருந்தாள். சொல்லி மூன்று வருடம் ஆகிறது. ஒன்றாக இருந்தது இப்போது இரண்டாகியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"எப்பவாவது" என்றாள். டிக்கெட் தொலைந்துவிட்டது என்று சொல்பவர்கள் இந்தக் குரலில்தான் சொல்வார்கள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இரும்பு மாத்திரை சாப்பிடாம கறுப்பா போனா அது சாதாரணம் இல்ல, உடனே வரணும்னு நர்ஸ் சொன்னாங்க. உள்ள ரத்தம் கசியுது அத்தை. அது குடல் வழியா வர்றதுக்குள்ள கறுத்துப் போயிடும். அந்த மாத்திரை வயித்தைப் புண்ணாக்கிடுச்சு."

"புண்ணுன்னா வலிக்காதா? எனக்கு ஒரு வலியும் இல்லையே."

"வலி மாத்திரை போட்டா வலி எப்படித் தெரியும்?"

மாமியார் கையிலிருந்த கட்டியைக் கிண்ணத்தில் திரும்பப் போட்டாள். பயம் வந்தது. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று குறுக்கே நின்றது. இப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால், அன்று அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் மருமகள் செய்தது சரி என்று ஆகிவிடும். செத்தாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் சாவதா என்று அடுத்த கணம் தோன்றியது.

"காலையில பாத்துக்கலாம்."

"இப்பவே."

"வயித்துக்கு ஏதாவது ஆச்சுன்னா வராதீங்கன்னு சொன்னவ நீதானே?"

"நீங்க வரல. நான்தான் வந்திருக்கேன்" என்றாள் மருமகள். "அன்னிக்கு எங்க வலிக்குதுன்னு ஒரு வார்த்தை கேக்காம மாத்திரையைத் தூக்கிப் போட்டேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கணும். தப்பு என்னோடதும்தான். எந்திரிங்க அத்தை."

மாமியார் எழுந்தாள். எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் மருமகளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

மகனை எழுப்பி "ஆஸ்பத்திரி" என்று சொன்னதும், அவன் மீதியைக் கேட்கவில்லை. பிரசவத்துக்குக் கட்டி வைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு, மனைவியைக் காரின் முன் சீட்டில் உட்காரவைத்து, அம்மாவை விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான். தெருமுனை வரை போய்த்தான் திரும்பி வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியோடு ஓடிவந்த ஆள்களும் எட்டு மாத வயிற்றைத்தான் வளைத்துக்கொண்டார்கள். "நான் இல்ல, அவங்க" என்று மருமகள் கையை நீட்டினாள். மாமியாருக்கு அந்த நாற்காலியில் உட்காரக் கூச்சமாக இருந்தது. ஆனால் கால் நிற்கவில்லை.

டாக்டர் சின்ன வயதுக்காரி. நாடியைப் பிடித்தாள், ரத்தம் எடுத்து அனுப்பினாள், முடிவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். பாதி ரத்தம்கூட இல்லாமல் எப்படி நடமாடினீர்கள் என்று கேட்டாள். உடனே ரத்தம் ஏற்ற வேண்டும், பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்க வேண்டும் என்றாள். விடியும்வரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மகன் கேட்டான். டாக்டர் குறிப்பு எழுத ஆரம்பித்தாள்.

"இந்த வலி மாத்திரையை எவ்வளவு நாளா போடறீங்க?"

"மூணு வருஷத்துக்கு மேல."

"வெறும் வயித்துலயா?"

"ஆமா."

"இவ்வளவு நாளா இது ஆபத்துன்னு உங்களுக்கு ஒருத்தர்கூடச் சொல்லலையா அம்மா?"

மருமகள் சுவரில் மாட்டியிருந்த கைகழுவும் முறை படத்தை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தாள். மகன் தரையைப் பார்த்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டர் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள். சொந்தக்காரர்கள் காதுக்கும் எதுவும் போகாது.

"சொன்னா" என்றாள் மாமியார். "இதோ நிக்கறாளே, என் மருமக. ஊரைக் கூட்டி வச்சே சொன்னா. நான்தான் குப்பையில கையை விட்டு எடுத்துத் தின்னேன்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எதை எழுதுவது என்று தெரியாமல் பேனாவோடு மருமகளைப் பார்த்தாள்.

"குப்பையையும் சேத்தே எழுதிக்கோங்க டாக்டர்" என்றாள் மருமகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இதை அவங்க இன்னொரு தடவை சொல்ல மாட்டாங்க."