இருபத்து நான்கு பீடங்களும் ஒரு துவைக்கும் மேடையும்

சம்மந்தி வீட்டுக் கொல்லையில் துவைக்கும் மேடையைக் கண்டதும் காண்ட்ராக்டரின் கையில் காபி டம்ளர் பாதி வழியில் நின்றுவிட்டது.

போன மாதம் இந்த வீட்டு மொட்டைமாடியில் சோலார் பலகைகளைத் தாங்கும் இரும்புச் சட்டங்களுக்கு அவர்தான் காங்கிரீட் பீடங்கள் வார்த்துக் கொடுத்தார். மகள் வாழ்க்கைப்பட்ட வீடு. வேறு ஆளிடம் விட மனம் ஒப்பவில்லை. ஆறு சட்டங்கள், சட்டத்துக்கு நாலு கால், காலுக்கு ஒரு பீடம், ஆக இருபத்து நான்கு. எல்லாம் வார்த்த பிறகும் லாரியில் வந்த கலவை மீந்தது. அதில் மகளுக்கு ஒரு துவைக்கும் மேடை போடும்படி ஆட்களிடம் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டார். இன்று சாயங்காலம் பலத்த காற்று வீசும் என்று எச்சரிக்கை வந்திருந்தது. சட்டங்களின் நட்டுகளை ஒரு சுற்று இறுக்கிவிடலாம் என்று வந்த இடத்தில்தான் மேடையை முதன்முதலாகப் பார்க்கிறார்.

"என்ன சம்மந்தி, நீங்க போட்ட மேடையை நீங்களே கண்ணு வைக்கிறீங்க?" என்றார் சம்மந்தி. தபால் நிலையத்தில் காலமெல்லாம் எடை போட்டு ஓய்வு பெற்றவர். நாக்கு மட்டும் ஓய்வு பெறவில்லை. "பீடமும் போட்டு, இவ்வளவு மிச்சமும் பண்ணிட்டீங்களே! மிச்சம் பிடிக்கிறதுல உங்க வம்சத்தை அடிச்சுக்க ஆளே இல்ல."

காண்ட்ராக்டர் சிரித்து வைத்தார். கண் மட்டும் மேடையை அளந்துகொண்டிருந்தது. ஆறடிக்கு ஐந்தடி. கனம் நாலு அங்குலம். பத்து கன அடி.

சிந்தும் சிதறலும் போக ஒரு கூடை, இரண்டு கூடை மீந்தால் அது மிச்சம். பத்து கன அடி மிச்சமாகாது. போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் நின்றுபோன சரக்கு அது.

டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு மாடிப்படி ஏறினார்.

அவர் போட்ட கணக்கு மனப்பாடமாக இருந்தது. பீடம் பதினாறுக்குப் பதினாறு அங்குலம், உயரம் பன்னிரண்டு. ஒன்றுக்கு ஒன்றே முக்கால் கன அடிக்குச் சற்று மேல். எடை நூற்றிருபது கிலோ. இருபத்து நான்குக்கும் சேர்த்து நாற்பத்திரண்டரை கன அடிக்குக் கொஞ்சம் கூடுதல். தளத்தில் நீர் கசியாமல் பூசியிருந்ததால் துளை போட்டு முடுக்க வழியில்லை. பீடங்கள் சும்மா உட்கார்ந்திருந்தன. அவற்றின் எடைதான் பிடிமானம். நூற்றிருபதுக்குக் குறைந்தால் பெரிய காற்றில் சட்டம் எழும்பிவிடும் என்று சோலார் என்ஜினியர் சொல்லியிருந்தார்.

முதல் பீடத்தில் டேப்பை வைத்தார். பதினாலு.

அடுத்தது. பதினாலு. கடைசி மூலைக்கு ஓடினார். அதுவும் பதினாலு.

குந்தி உட்கார்ந்துவிட்டார். தச்சரிடம் "பதினாறுக்குப் பதினாறு பெட்டி" என்று சொன்னது அவர்தான். தச்சர் வெளி அளவு பதினாறாகப் பெட்டி அடித்திருக்கிறார். இரண்டு பக்கமும் ஒரு அங்குலப் பலகை உள்ளே தின்றுவிட்டது. பெட்டி வந்த அன்று அளந்து பார்த்ததும் அவரேதான், வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு. மறுபடி உள்ளே அளக்கட்டுமா என்று கேட்ட கொத்தனாரிடம், "எங்க வீட்டுல டேப்பை ரெண்டு தடவை வைக்கிற பழக்கம் கிடையாது" என்று தலை நிமிர்ந்து சொன்னது இப்போது காதில் அறைந்தது.

ஒவ்வொரு பீடமும் தொண்ணூற்றிரண்டு கிலோதான். காலுக்கு இருபத்தெட்டு கிலோ குறை. மொத்தத்தில் அறுநூற்றெழுபதுக்கு மேல்.

அவர் குந்தியிருந்த இடத்துக்கு நேர் கீழே, முதல் மாடியில்தான் மகளின் அறை. குழந்தையின் தொட்டிலும் அங்கேதான்.

மகளையும் குழந்தையையும் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டுக்கு அழைத்துப் போய்விடலாமா என்று ஒரு நினைப்பு ஓடியது. மற்றவர்கள்? அந்த நினைப்பே அவர் முகத்தில் காறித் துப்பியது போலிருந்தது. என்ஜினியரைக் கூப்பிட்டார். "பலகையைக் கழட்ட இப்ப ஆள் வராது சார். முடிஞ்ச எடையைப் பீடத்து மேலேயே ஏத்திக் கட்டுங்க. தளத்துல தள்ளி வைக்காதீங்க, பிரயோஜனமில்ல." மணல் கடைக்காரர் போனில் சிரித்தார். "எல்லாத்தையும் மூடிக்கிட்டு இருக்கோம், இப்பவா மணல்?"

மேற்கே வானம் ஈயம் பூசினாற்போல் மங்கிக்கொண்டிருந்தது. கம்பியில் கிடந்த துணிகள் படபடத்தன.

இறங்கி வந்தார். சம்மந்தி கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கதவுகளைத் தாழிட்டுக்கொண்டிருந்தார்.

"சம்மந்தி, அந்த மேடையை உடைக்கணும்."

"எந்த மேடை? துவைக்கிற மேடையா? வெயில் ஏறிடுச்சா உங்களுக்கு?"

இந்த மனிதர் ஊரெல்லாம் சொல்வார். கல்யாணம் காட்சி எல்லாவற்றிலும் சொல்வார். இன்னும் பத்து வருஷம் கழித்தும் மகள் காதுபடச் சொல்வார். காண்ட்ராக்டர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"அது மிச்சம் இல்ல. பீடத்துல போயிருக்க வேண்டியது. என் அளவு தப்பு. பீடம் ஒவ்வொண்ணும் இருபத்தெட்டு கிலோ குறைச்சல். இந்தக் காத்துக்கு நிக்காது."

சம்மந்தி தொலைக்காட்சியை அணைத்தார்.

"அப்பா..." என்றாள் மாடிப்படியில் நின்ற மகள், குழந்தையை இறுக்கிக்கொண்டு.

"நீ மாடியில இருக்காதே. தொட்டிலோட கீழே வந்துடு."

சம்மந்தி எழுந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூரையை ஒருமுறை பார்த்தார். "டேய், சம்மட்டி எங்கடா?" என்று மகனைக் கூப்பிட்டார்.

மூன்று பேரும் மாறி மாறி அடித்தார்கள். கம்பி வைக்காத மேடை, ஆனாலும் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. "நல்லாத்தான் போட்டிருக்கீங்க, சனியனே உடைய மாட்டேங்குது," என்று மூச்சிரைத்தார் சம்மந்தி. உடைந்த துண்டுகளைச் சாக்கில் போட்டு, குளியலறை எடை மெஷினில் அவரே நிறுத்தார். பார்சல் நிறுத்த கை. இருபத்தெட்டுக்குக் குறைந்தால் ஒரு துண்டு சேர்ப்பார். மாப்பிள்ளை தோளில் ஏற்றுவார். காண்ட்ராக்டர் மொட்டைமாடியில் சாக்கைப் பீடத்தின்மேல் இரும்புக் காலை அணைத்து வைத்து, கயிற்றால் சுற்றி இறுக்குவார்.

இருபது கட்டியபோது முதல் வீச்சு வந்தது. ஓரச் சட்டத்தின் கால் ஒன்று பீடத்தோடு எழும்பி டக்கென்று உட்கார்ந்ததை அவர் கண்ணால் பார்த்தார். விரல் கனம்தான். தன் உடம்பையே அந்தப் பீடத்தின்மேல் சாய்த்துக்கொண்டு, "மாப்பிள்ளை! சீக்கிரம்!" என்று கத்தினார். காற்று அந்தக் கத்தலைத் தின்றது. ஆனாலும் சாக்கு வந்தது. பின்னாலேயே இன்னொன்றைச் சுமந்துகொண்டு சம்மந்தியும் வந்தார், நாலு காலில் தவழாத குறையாக.

கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு மூவரும் இறங்கியபோது மழையும் சேர்ந்துகொண்டது.

கூடத்தில் எல்லோரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். மேலே இரும்பு முனகியது. ஏதோ உருண்டது. "அப்பா, சட்டமா?" என்றாள் மகள். "தண்ணித் தொட்டி மூடி," என்றார். அவருக்கும் நிச்சயமில்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் அந்த டக்கென்ற சத்தத்துக்காகக் காதைத் தீட்டினார். அது வரவில்லை. வராதது இன்னும் பயமாக இருந்தது.

வெகுநேரம் கழித்துக் காற்று தளர்ந்தது. மாப்பிள்ளை டார்ச்சோடு போய்ப் பார்த்து வந்தார். "ஆறும் நிக்குது. தொட்டி மூடிதான் காணோம்."

காண்ட்ராக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"சம்மந்தி," என்றார் சம்மந்தி. கையெல்லாம் சிராய்ப்பு. "புதுப் பீடம் எப்ப போடுவீங்க?"

"பெட்டி அடிச்சதும். என் செலவு."

"அது இருக்கட்டும். பெட்டியை நான் அளந்து பார்த்தா உங்களுக்குக் கௌரவக் குறைச்சல் இல்லையே?"

காண்ட்ராக்டர் பையிலிருந்த டேப்பை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"உள்ளே அளங்க," என்றார். "ரெண்டு தடவை."