பதினாறு ஓட்டை

பத்து வருஷமாக மொட்டை மாடிகளில் சோலார் மாட்டுகிறேன். என் மனைவி கட்டட இன்ஜினியர். அவளிடம் நான் அடிக்கடி சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "கூரைக்குக் கீழ இருக்கறது உன் வேலை. மேல இருக்கறது என் வேலை." அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பாராட்டு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.

சகலைக்கு மாடியறையில் போட்டோ ஸ்டுடியோ. அதன் மேல்தளத்துக்கு அப்போதுதான் ஒழுகாமல் இருக்க மருந்து பூசி, வெள்ளை டைல்ஸ் ஒட்டியிருந்தார். பேனலும் வாட்டர் ஹீட்டரும் வைக்க என்னைக் கூப்பிட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"சகலை, டைல்ஸ்ல மட்டும் கை வெச்சிடாதீங்க."

"இருநூறு மாடி பாத்தவன் நான்" என்றேன்.

எத்தனை மாடி ஒழுகியது என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

அவர் வெளியூர் போன நாளாகப் பார்த்து, பேனல் சட்டத்துக்குப் பதினாறு ஓட்டை போட்டு போல்ட் இறக்கினேன். சுற்றிலும் சிலிகான் பசை அப்பினேன். முந்நூறு லிட்டர் ஹீட்டர் தொட்டியை வெயில் நன்றாக விழுகிற இடமாகத் தேடி, தளத்தின் நட்டநடுவில் நிறுத்தினேன். படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். "நடுவிலயா?" என்று பதில் வந்தது. அழகை வியக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து மழை. மறுநாள் காலை சகலை போன் செய்தார். குரலில் கோபமே இல்லை.

"பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒரு பெரியவர் வந்து உக்காந்தார். அசையாதீங்கன்னேன். மண்டையில ஒரு சொட்டு விழுந்துச்சு. மறுபடி உக்கார வெச்சேன். மறுபடி சொட்டு. ஏழு படத்துலயும் கண்ணை மூடியிருக்கார்."

"ஈரக் காத்துதான் சகலை, சுவர் வேர்க்குது" என்றேன். பொய் சொல்லவும் ஒரு தேர்ச்சி வேண்டும்.

போல்ட்டைக் கழற்றிவிட்டு, சட்டத்தின் மேல் கனமான சிமெண்ட் கட்டைகளை அடுக்கி நிறுத்திவிடலாம் என்று திட்டமிட்டேன். கட்டைகளை வண்டியில் ஏற்றும்போது மனைவி பார்த்துவிட்டாள். வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

அங்கே அவள் மாடிக்கு ஏறவில்லை. நேரே ஸ்டுடியோவுக்குள் போய் அண்ணாந்து பார்த்தாள். தொட்டிக்கு நேர் கீழே, கூரையின் சிமெண்ட் பூச்சில் தலைமுடி போல ஒரு விரிசல்.

"தொட்டியில தண்ணி இருக்கா?"

"நிறைய."

"முதல்ல அதைக் காலி பண்ணு. தண்ணி மட்டுமே முந்நூறு கிலோ. அதை நாலு சின்னக் கால்ல, தளம் அதிகமா வளையற இடத்துல நிறுத்தியிருக்க. இதுல உன் கட்டையும் ஏறப் போகுதா?"

"கட்டை ஓட்டை போடாதுல்ல..."

"ஓட்டை போடாது. கூரையையே கீழ கொண்டு வரும்."

சகலை காதில் விழாததுபோல் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வடிகால் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் போக நாற்பது நிமிஷம் ஆனது. என் பத்து வருஷ மானம் அதற்கு முன்பே போய்விட்டது.

சிலிகான் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டேன். டைல்ஸை அடைத்தாயே தவிர, அதற்கடியில் நீ கிழித்த மருந்துப் பூச்சை அடைக்கவில்லை என்றாள். வெயிலில் இரும்பு நீள்வதும் சுருங்குவதுமாக இருக்க, சிலிகான் வாய் பிளந்திருந்தது. நுழைந்த தண்ணீர் டைல்ஸுக்கு அடியிலேயே நடந்து, எங்கோ போய்ப் பெரியவர் தலைக்கு வழி கண்டிருக்கிறது.

சட்டத்தைக் கழற்றி, ஓட்டை விழுந்த பதினாறு டைல்ஸையும் பெயர்த்தேன். சுருங்காத சிமெண்ட் கலவையால் ஓட்டைகளை நிரப்பி, பழைய மருந்துப் பூச்சோடு சேருமாறு மேலே புதுப் பூச்சு போட்டு, டைல்ஸ் ஒட்டினோம். காய்ந்ததும் மாடி வடிகாலை அடைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டோம். அந்த இரண்டு நாளும் ஸ்டுடியோவில் மல்லாந்து படுத்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தார்கள். விரிசல் நீளவில்லை, ஒரு சொட்டும் விழவில்லை.

பிறகு அவள் கணக்குப் போட்டுச் சொன்னபடி, தொட்டியை மூலையில், இரண்டு பீம் சேர்கிற தூணுக்கு நேர் மேலே மாற்றினேன். பேனல் சட்டத்தைப் பிடிக்கும் கட்டைகளை பீம்களின் மேல் மட்டும், அடியில் ரப்பர் விரித்து வைத்தேன். காற்று அடியில் புகுந்து தூக்காதபடி பேனல்களைத் தாழ்வாகச் சாய்த்தேன். குழாயும் ஒயரும் தளத்தைத் துளைக்காமல் கைப்பிடிச் சுவர் ஏறி வெளிப்பக்கமாக இறங்கின.

அடுத்த பெருமழையில் சகலைக்கு நானே போன் செய்தேன். "ஒழுகுதா?"

"இல்ல. ஆனா அந்தப் பெரியவர் வந்திருக்கார். குடை பிடிச்சுக்கிட்டுத்தான் உக்காருவாராம்."

இப்போதெல்லாம் புது வேலை வந்தால், மாடி ஏறுவதற்கு முன் அந்த வீட்டின் உத்தரத்தை அண்ணாந்து பார்க்கிறேன். எந்த பீம் எங்கே போகிறது என்று வரைந்துகொண்டு வந்து மனைவியிடம் நீட்டுகிறேன். அவள் சிவப்புப் பேனாவை எடுக்கிறாள். போன வாரம் ஒரு வரைபடத்தில் மூன்றே திருத்தம்தான். அதைச் சகலைக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.