பதில் அனுப்ப வேண்டாம்

மருந்துக் கிடங்கில் புதிய சரக்கு மென்பொருள் வரப்போகிறது என்ற செய்தியை முந்நூறு பேருக்கும் சொல்லும் பொறுப்பு பயிற்சி அலுவலரான அவள் தலையில் விழுந்தது. அவளும் பொறுப்பாகத்தான் திட்டம் போட்டாள். ஐந்து வாரம் முன்பு, ஏன் மாறுகிறோம் என்று மின்னஞ்சலில் ஒரு கடிதம். மூன்று வாரம் முன்பு பயிற்சித் தேதிகள். ஒரு வாரம் முன்பு உதவி எண்ணும், ஒவ்வொரு தளத்திலும் யாரைக் கேட்பது என்பதும். தொடங்கும் நாள் காலையில் நான்கு வரி.

இரண்டாவது கடிதத்தின் வரைவைப் படித்த மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். "இப்படித் தாங்கித் தாங்கி எழுதினா யாரு வருவா? வரலைன்னா உள்ள நுழைய முடியாதுன்னு போடுங்க."

அவள் போட்டாள். 'ஒதுக்கப்பட்ட தேதியில் பயிற்சி முடிக்காதவர்களுக்குப் புதிய மென்பொருளில் அனுமதி கிடையாது.' அடியில் வழக்கமான வரி: 'இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்.' தேதி மாற்ற யாரைக் கேட்பது என்பதை எழுத அவளுக்குத் தோன்றவில்லை. உதவி எண்தான் அடுத்த கடிதத்தில் வருகிறதே என்று விட்டுவிட்டாள்.

அனுப்புதல் பிரிவின் மேற்பார்வையாளரை எல்லோரும் 'கடியாரம்' என்பார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வராத மனிதர். அவருடைய தேதி வியாழக்கிழமை மதியம். மனைவி உடம்பு முடியாமல் கிடக்கிறாள் என்பதால் ஒரு வாரமாக விடுப்பில் இருந்தவர், அன்று சொன்ன நேரத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சட்டை கசங்கியிருந்தது. திரையைப் பார்ப்பதும் மடியில் கிடந்த கைபேசியைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"ரெண்டு மணி நேரம்தாங்க. போனை எல்லாம் உள்ள வைங்க, ப்ளீஸ்," என்றாள் அவள், பொதுவாக. அவர் எடுத்துப் பைக்குள் வைத்தார்.

சரக்கை ஸ்கேன் செய்வது, காலாவதித் தேதி பார்ப்பது, வண்டியில் ஏற்றுவது எல்லாவற்றையும் பிழையில்லாமல் செய்து காட்டினார். முடித்துவிட்டு வெளியே போய் கைபேசியைப் பார்த்தவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் ஒன்பது முறை கூப்பிட்டிருந்தாள். மனைவி போய் முக்கால் மணி நேரமாகியிருந்தது.

துக்கம் கேட்க எல்லோரோடும் அவளும் போனாள். எந்நேரமும் பக்கத்திலேயே இருந்த மனுசர் அன்றைக்கென்று ஏன் எழுந்து வந்தார் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவளுக்கும் அது புரியவில்லை.

மென்பொருள் தொடங்கி இரண்டு வாரம் நன்றாகவே ஓடியது. அடுத்த கிடங்குக்கும் நீங்களே எழுதுங்கள் என்றார் மேலாளர். பட்டியலைச் சரிபார்க்க, கடிதங்கள் போன அந்த மின்னஞ்சல் முகவரியின் பெட்டியை அவள் முதன்முறையாகத் திறந்தாள். நாற்பத்தொரு பதில்கள். பெரும்பாலும் 'விடுப்பில் இருக்கிறேன்' என்று தானாக வந்தவை. நடுவே மூன்று, கடியாரத்திடமிருந்து.

'மனைவி ஆஸ்பத்திரியில். வேறு தேதி கிடைக்குமா?'

'மேலாளரைக் கேட்டேன். கடிதத்தில் உள்ளபடிதான் என்கிறார். தயவுசெய்து சொல்லுங்கள்.'

மூன்றாவது வியாழன் காலை வந்தது. 'டாக்டர் இன்று தாண்டுவது கஷ்டம் என்கிறார். பதில் வராததால் புறப்படுகிறேன்.'

மூன்றையும் அவள் மறுபடி படித்தாள். இதை அழித்தால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை என்ற நினைப்பும் வந்தது. வந்ததற்கே வெட்கப்பட்டு எழுந்து, சரக்கு ஏற்றும் மேடைக்குப் போனாள்.

"அண்ணே, நீங்க எழுதினதை நான் இன்னிக்குத்தான் பார்த்தேன். அந்தப் பெட்டியை யாருமே திறக்கலைண்ணே. நானும்தான்."

அவர் ஸ்கேனரைக் கீழே வைத்தார். "படிச்சுட்டுத்தான் முடியாதுன்னு விட்டுட்டீங்கன்னு நினைச்சேன்மா."

"இல்லைண்ணே."

"படிச்சிருந்தா?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லியிருப்பேன்."

இத்தனை நாள் கல்லாக நின்றவர் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். தேதியை மாற்றவே முடியாது, எல்லாம் விதி என்று மனதைத் தேற்றி வைத்திருந்தவருக்கு அந்தப் பிடியும் போய்விட்டது. "அவகிட்ட போகட்டுமான்னு கேட்டேன்மா. வேலைதானே, போயிட்டு வாங்கன்னா," என்றார். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

மேலாளரிடம் மூன்று கடிதங்களையும் அச்செடுத்துக் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "நான்தானே போடச் சொன்னேன்," என்று முனகினார்.

அடுத்த கிடங்குக்கான கடிதத்தில் 'பதில் அனுப்ப வேண்டாம்' என்ற வரி இல்லை. தேதி ஒத்துவராதவர்கள் கூப்பிட அவளுடைய சொந்த எண் இருந்தது. முதல் நாளே பதினேழு பேர் கூப்பிட்டார்கள். பிள்ளைக்குப் பரீட்சை, பல் பிடுங்க வேண்டும், தங்கைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். எல்லோருக்கும் வேறு தேதி கொடுத்தாள். கொடுப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு முறை கைபேசியை வைத்தபோதும் அந்த அரை நிமிடம் அவளை அறுத்தது.