ராகம் நடபைரவி, தாளம் ஆதி

என் மகள் தாமரைச்செல்வி பேய்ப்பாட்டு வாசிக்கிறாள் என்று முதலில் சொன்னது நான்தான். அதையே மற்றவர்கள் சொல்ல வந்தபோது எனக்குக் கெட்ட கோபம் வந்துவிட்டது. நான் திட்டலாம், அவள் நான் பெற்ற பிள்ளை. இவர்கள் யார்?

என் பெயர் அழகுபாண்டி. திருநகரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்தின் பாடகர் குழுவில் நிற்பேன். கீர்த்தனை பாட என்னை விட்டால் ஆள் கிடையாது; இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் வந்து கேட்டுப் பார்க்கட்டும். சபைக் கமிட்டிக்கும் நான்தான் செயலாளர்.

என் மனைவி ரோகிணி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சபையே முழங்காலில் நின்று ஜெபித்தது. அவள் பிழைக்கவில்லை. அடக்கத்தன்று அழுத தாமரையிடம், "ஆண்டவரோட சித்தம்மா, ஏன்னு கேக்கக் கூடாது" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் சொன்னேன். அன்று கல்லறைத் தோட்டத்தில் கீர்த்தனை பாடியதும் நான்தான், ஒரு சுரம் பிசகாமல். அடுத்த ஞாயிறு முதல் தாமரை ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் உதவியாளராக வேலை பார்க்கிறாள். அங்கேதான் எலக்ட்ரிக் கிட்டார் பிடித்தாள். எங்கள் சபைப் பையன் மருது டிரம்ஸ், இன்னொருவன் பேஸ் கிட்டார். 'உப்பு' என்று பெயர் வைத்து மூன்று பேரும் கிறிஸ்தவ ராக் வாசித்தார்கள். கோயிலுக்கே வராதவளுக்குக் கிறிஸ்தவப் பாட்டு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கேட்டால், "சண்டை போடுறதுக்காவது அவர்ட்ட பேசணும்ல" என்றாள். அவரிடம் பேசுகிறாளே, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அப்படிப்பட்டவள் போன மாதம் தானாக வந்து, "வாலிபர் ஞாயிறுக்கு நாங்க ஒரு பாட்டுப் பாடட்டுமாப்பா?" என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்! கடைக்குப் போய்ச் சும்மா இருந்த மோட்டாரைப் பிரித்து மாட்டினேன்.

வருடத்துக்கு ஒருமுறை ஆராதனையை இளவட்டங்கள் முன்னின்று நடத்தும் நாள் அது. புதுப் பாட்டு பாடுவதென்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே வார்த்தைகளை எழுதிக் கமிட்டியிடம் கொடுக்க வேண்டும். மேலே ராகமும் தாளமும் குறிக்க வேண்டும். கீர்த்தனைக் காலத்திலிருந்து வருகிற வழக்கம். தாமரையின் தாளில் 'ராகம்: நடபைரவி, தாளம்: ஆதி' என்று இருந்தது. கீழே பாட்டு:

*மூடிய கதவைத் தட்டி ஓய்ந்தேன்,*
*இனித் தட்ட மாட்டேன், உடைப்பேன்.*
*உள்ளே நீர் இருக்கிறீர் என்பதால்தானே*
*உடைக்க வருகிறேன்.*

கமிட்டியில் நானே எழுந்து வாசித்தேன். "என் மக கீர்த்தனை எழுதியிருக்கா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். பெண்கள் சங்கத் தலைவி முத்துச்செல்விகூட, "நடபைரவியா! சோகமா, உருக்கமா இருக்கும்ணே" என்றாள். பாட்டைத் தாளில் பார்த்தோமே தவிர, கிட்டாரில் வாசித்துக் காட்டச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

வாலிபர் ஞாயிறுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மாலை, ஒத்திகை நடக்கிற சபை மண்டபத்துக்கு வடை வாங்கிக்கொண்டு போனேன். வாசலிலேயே தரை அதிர்ந்தது. உள்ளே மருது முடியை விரித்துப் போட்டு டிரம்ஸை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தான். என் மகள் கறுப்பு டிஷர்ட்டில், காலை அகட்டி நின்று, கிட்டாரை உறும விட்டுக்கொண்டிருந்தாள்.

"நிப்பாட்டு! என்ன பேய்ப்பாட்டு இது? கீர்த்தனைன்னு எழுதிக் கொடுத்து அப்பனையே ஏமாத்துனியா?"

"கீர்த்தனைன்னு நான் எங்கப்பா எழுதுனேன்? நீங்களா சொல்லிக்கிட்டீங்க. நடபைரவி, ஆதின்னு எழுதுனேன். அது ரெண்டும் சரியா இல்லையான்னு பாருங்க. தாளம் போடுங்க."

கோபத்தோடுதான் தொடையில் தாளம் போட்டேன். எட்டு எண்ணிக்கை. மருதுவின் அடி இரண்டு, நான்கு, ஆறு, எட்டில் விழுந்தது. நாங்கள் முதல் அடியில் அழுத்துவோம், இவன் அதற்கு மறு அடியில் அழுத்துகிறான், அவ்வளவுதான் வித்தியாசம். ஆவர்த்தனச் சுற்று மயிரிழையும் தப்பவில்லை. அவள் பிடித்த சுரங்களும் நடபைரவியை விட்டு வெளியே போகவில்லை.

"அந்த உறுமல்?"

"ச-வும் ப-வும் மட்டும் சேர்த்துப் பிடிக்கிறேன். உங்க சுருதிப்பெட்டியில இருக்கிற அதே ச, ப. வேற சுரம் சேர்த்தா, உறுமலை உண்டாக்குற இந்தக் கால் பெடல்ல குழம்பிரும்."

பாவி மகள், ஒன்றிலும் பொய் சொல்லவில்லை! அது என் கோபத்தை இன்னும் கிளப்பிவிட்டது.

சத்தம் தெருமுனை வரை போயிருந்தது. அரை மணி நேரத்தில் ஆயர் தமிழ்மாறன், முத்துச்செல்வி, இன்னும் நான்கு கமிட்டிக்காரர்கள் மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள்.

"அண்ணே, ராக்குன்னா என்ன?" என்று முத்துச்செல்வி என்னிடம் தொடங்கினாள். "அப்பன் ஆத்தாளை எதுத்துப் பேசுறது, போதை, அலங்கோலம். அம்புட்டு எதுக்கு, கலகம். விசுவாசம்னா கீழ்ப்படியிறது. ரெண்டும் ஒரே பாட்டுல எப்படிண்ணே இருக்கும்? வார்த்தையை மட்டும் மாத்திட்டா அந்தச் சத்தம் சுத்தமாயிருமா?"

தாமரை சிரித்தாள். "அக்கா, போன மாசம் ஒரு போட்டிக்குப் போனோம். அங்க நடுவர் என்ன சொன்னாரு தெரியுமா? 'ராக்குன்னா எதிர்க்கணும், நீங்க கும்பிடுறீங்க, பல்லைப் பிடுங்கிட்டீங்க'ன்னாரு. பிள்ளைக 'அல்லேலூயா கோஷ்டி'ன்னு விசில் அடிச்சாங்க. அங்க போனா பஜனை, இங்க வந்தா பேய். நாங்க எங்கதான் போறது?"

"அப்ப எதுக்கு அதைக் கட்டி அழுவுற?"

"எங்க அம்மா செத்ததுக்கு எனக்குக் கோபம் இருக்குக்கா. அந்தக் கோபத்தோட அவர் முன்னாடி வரக் கூடாதுன்னு எல்லாரும் சொன்னீங்க. இந்த மியூசிக்லதான் கோபத்தோடயே வர முடியுது. எதிர்க்கிறேன்தான். ஆனா அவரை விட்டு ஓடலை, அவர்ட்டதான் வாரேன்."

ஆயர் தாமரையைப் பார்த்துக் கேட்டார்: "எனக்குச் சத்தம் பிரச்சனை இல்லம்மா. கோயிலுக்குள்ள கீர்த்தனை வந்தப்பவே இது கூத்து மெட்டுன்னு மூஞ்சியைச் சுளிச்சவங்க உண்டு. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். மேடையில நீ இப்படி நின்னா, சனம் உன்னைப் பாக்குமா, அவரைப் பாக்குமா?"

"ஐயா, எங்கப்பா மேல் ஸ்தாயியில நின்னு இழுத்துக்கிட்டே இருப்பாரே, அப்ப சனம் யாரைப் பாக்குது?"

ஆயரே சிரித்துவிட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவள் சொன்னது முழு உண்மை.

கடைசியில் முத்துச்செல்வி ஒரு வழி சொன்னாள். பெடல் வேண்டாம், டிரம்ஸ் வேண்டாம். கிட்டாரை மெல்ல மீட்டிப் பாடட்டும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால், தெரியாமல் போட்ட கையெழுத்து என்று செயலாளர் எழுதிக் கொடுக்க வேண்டும், பாட்டு ரத்து. அவள் நீட்டிய தாள் என் மடியில் வந்து விழுந்தது.

தாமரை என்னைப் பார்த்து, "எழுதிக் குடுத்துருங்கப்பா. நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள். இரண்டு வருடம் கழித்து வாசல் வரை வந்த பிள்ளை. இப்போது போனால் இனி வர மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"ஒரு தடவை அவங்க சொல்ற மாதிரி வாசிச்சுக் காட்டு பாப்பா. அப்பாவுக்காக."

பெடலை அணைத்தாள். மருது குச்சிகளைக் கீழே வைத்தான். அவள் மெதுவாக மீட்டிப் பாடினாள். அதே ராகம், அதே வார்த்தை. தேனாக இருந்தது. 'உடைப்பேன்' என்ற இடம் தாலாட்டு மாதிரி வந்தது.

"இம்புட்டு அழகா இருக்கே! இதைப் பாடக் கூடாதா?" என்றாள் முத்துச்செல்வி.

எனக்கு அந்த அழகைத் தாங்க முடியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் நான் பாடியதும் இப்படித்தான் இருந்தது. அன்று ரோகிணியின் பெட்டி உள்ளே இறங்கியபோது எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, ஆண்டவரைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. நான் சுருதி சுத்தமாகப் பாடினேன். ஊரே பாராட்டியது. அது பொய். இரண்டு வருடமாக நான் பாடுவது எல்லாமே பொய்.

"போதும், நிப்பாட்டு" என்றேன். "இது பொய்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கதவை உடைக்கிறவ இப்படியா பாடுவா? வார்த்தை ஒண்ணு சொல்லுது, கிட்டாரு ஒண்ணு சொல்லுது. நீங்க எல்லாம் பாஸ் பண்ணுன வார்த்தை அந்த உறுமலோடதான் உண்மையா இருக்கு. என் கையெழுத்து நிக்கும். தெரியாமத்தான் போட்டேன். இப்பத் தெரிஞ்சே போடுறேன், வேணும்னா இன்னொண்ணு போடட்டுமா?"

"அண்ணே, நாளைக்குச் சபையே எந்திரிச்சுப் போகும்."

"போகட்டும். இவ ரெண்டு வருசமாப் போயிருந்தாளே, அதுக்கு எவராவது கமிட்டி கூட்டுனீங்களா?"

ஆயர் எழுந்து, "கமிட்டி ஏற்கெனவே அனுமதிச்ச பாட்டு. பாடட்டும்" என்றார். கிளம்பும்போது தாமரையிடம், "திருவிருந்து உண்டும்மா நாளைக்கு" என்று மட்டும் சொன்னார். அப்பமும் ரசமும் வாங்க அவள் பலிபீடத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

மறுநாள் மருது முதல் அடி அடித்ததும் ஏழெட்டுப் பேர் எழுந்து வெளியே போனார்கள். எண்ணினேன், பெயரும் தெரியும். முத்துச்செல்வி உட்கார்ந்துதான் இருந்தாள், முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு. ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது. தாமரை கண்ணை மூடியிருந்தாள். அவள் 'உடைப்பேன்' என்று போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். இரண்டாம் முறை அந்த வரி வந்தபோது, பாடகர் குழுவில் நின்றிருந்த நானும் வாயைத் திறந்தேன். சுரமும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் நின்றவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அழுகிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பாட்டு முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. ஆராதனையில் தட்டக் கூடாது, சரிதான்.

திருவிருந்து நேரத்தில் வரிசை வரிசையாகப் பலிபீடத்துக்குப் போனார்கள். தாமரை கிட்டாரைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு வரிசையின் கடைசியில் போய்ச் சேர்ந்தாள். கறுப்பு டிஷர்ட்டோடு முழங்காலிட்டு, தந்தி அழுத்திக் காய்ப்பேறிய கையை ஏந்தினாள். ஆயர் அப்பத்தை வைத்தார்.

எனக்குப் பின்னால் உசிலம்பட்டியிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் எரிச்சலோடு கேட்டார்: "கறுப்புச் சட்டை போட்டுக் கத்திட்டு, கூசாமப் போய் முட்டி போடுது பாருங்க. யாரு வீட்டுப் புள்ள அது?"

ஆலயத்துக்குள் பேசக் கூடாது. நான் திரும்பி, கடைசி பெஞ்சு வரை கேட்கச் சொன்னேன்.

"எம் புள்ள."