இரண்டு விரல் கீழே

புருஷன் போன ஐந்தாம் நாள் காலையில் மடிப்பக்கா இஸ்திரி மேசைக்குத் திரும்பிவிட்டாள். அந்தக் குடியிருப்பில் இதைப் பேசாத வாய் ஒன்றுகூட இல்லை. "அழுத முகமா அது? சட்டையைத் தேய்க்கிற மாதிரி முகத்தையும் தேய்ச்சு வச்சிருக்கா" என்றாள் முதல் மாடி அம்மா. சொல்லிவிட்டு அன்றைக்கே நான்கு தலையணை உறை கொண்டுவந்து போட்டாள். துக்கம் அவரவர் வீட்டு விஷயம், தலையணை உறை எல்லோருக்கும் சுருங்கத்தானே செய்கிறது.

மடிப்பக்கா அழவில்லைதான். புருஷனுக்குக் கடைசியாகப் போட்ட சட்டையையும் அவளே தேய்த்தாள். கழுத்துப்பட்டி, தோள், கை, முன்பக்கம் என்று வழக்கமான வரிசையில். அது முடிந்ததும் அவளுக்குள் என்னவோ தண்ணீர்க்குழாயை மூடியது போல நின்றுவிட்டது. அதற்குப் பிறகு சாப்பிட்டாள், தூங்கினாள், தேய்த்தாள். யார் என்ன கேட்டாலும் "ம்" என்றாள்.

கடை என்றால் பெரிய கடை இல்லை. குடியிருப்பின் படிக்கட்டுக்கு அடியில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு கம்பி, அதில் தொங்கும் ஹேங்கர்கள். மேசையின் நான்கு கால்களிலும் வரிசையாகத் துளைகள் உண்டு. போல்ட்டைக் கழற்றி உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். புருஷன்தான் அதை இவள் இடுப்புக்குச் சரியாக ஏற்றி முடுக்கிவிட்டுப் போயிருந்தார். மடிப்பக்கா ஆள் உயரம். ஓரகத்தியான கொழுந்தன் மனைவி சின்னவளோ அவள் தோளுக்குக்கூட வரமாட்டாள். "நீ தேய்க்கணும்னா ஏணி போட்டுத்தான் ஏறணும்" என்று புருஷன் உயிரோடு இருந்தபோது அவளைக் கேலி செய்வார். அப்போது எல்லோரும் சிரித்தார்கள்.

இஸ்திரிப் பெட்டி பழையது, கனமானது. ஐந்து கிலோவுக்குக் குறையாது. ஒரு சட்டைக்கு நான்கு தடவையாவது அதைத் தூக்கி நிறுத்த வேண்டும். நாளுக்கு அறுபது எழுபது சட்டை. கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். வலது முழங்கைக்குத்தான் அந்தக் கணக்கு முதலில் புரிந்தது.

மூன்றாவது மாதத்தில் ஃபிளாஸ்கைத் தூக்கும்போது முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் சுரீர் என்றது. பிறகு ஈரத்துணியைப் பிழியும்போது. பிறகு பூட்டில் சாவியைத் திருப்பும்போது. அப்புறம் வலி முன்கை வழியாக இறங்கி மணிக்கட்டு வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியது. மடிப்பக்கா யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் உண்டு. துணி மூட்டை கொண்டுபோய்க் கொடுக்கும் கொழுந்தன் ஒரு நாள் வாசலில் நின்று, "அண்ணி, நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன். இவ நிக்கட்டும்" என்றான். நல்ல மனசில்தான் சொன்னான். அவள் காதில் விழுந்தது வேறு. அந்த மேசையிலிருந்து ஒரு தரம் இறங்கிவிட்டால் போல்ட்டு கழலும், கால் இறங்கும், மேசை சின்னவள் உயரத்துக்குப் போய்விடும். பிறகு இவள் எங்கே நிற்பது? வீட்டில் உட்கார்ந்தால் புருஷனுடைய காலி நாற்காலிதான் எதிரே இருக்கிறது.

கடைசியில் பார்த்தது சின்னவள்தான். தேநீர்க் கோப்பையை இடது கையால் வாங்கியதைப் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா, வலது கை கோவிச்சுக்கிச்சா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத கையை ஏன் இடுப்போட ஒட்டி வச்சிருக்க? கிளம்பு."

தெருமுனை கிளினிக்கில் டாக்டர் எலும்பு மேட்டை விரலால் அழுத்தினார். மடிப்பக்கா பல்லைக் கடித்தாள். கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க வைத்து, "மணிக்கட்டை மேல தூக்குங்க, நான் அமுக்கறேன்" என்றார். தூக்க முடியவில்லை. விரல் மரத்துப் போகிறதா, கழுத்து வலிக்கிறதா, அடி ஏதும் பட்டதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் "இல்ல."

"டென்னிஸ் எல்போ மாதிரி இருக்கு."

"நான் பந்தைக் கையாலகூடத் தொட்டதில்ல டாக்டர்."

"தொடாதவங்களுக்குத்தான் நிறைய வருது. மணிக்கட்டைத் தூக்குற தசை ஒரு நார் மாதிரி இந்த எலும்புல வந்து ஒட்டுது. பிடிச்சுப் பிடிச்சு, தூக்கித் தூக்கி, அது அலுத்துப் போச்சு. இப்போதைக்கு எக்ஸ்ரே வேண்டாம். சில வாரம் கனம் தூக்காதீங்க. வேலை நேரத்துல மட்டும் ஒரு பெல்ட் கட்டிக்கலாம். வலி அடங்கினதும் பிசியோகிட்ட போய் மெதுவா ஆரம்பிக்கணும்."

டாக்டர் சொன்னது மூன்று. மடிப்பக்கா கேட்டது ஒன்று. பெல்ட்.

மருந்துக் கடையில் வாங்கி, வலிக்கிற எலும்பின் மேலேயே கட்டினாள். வலிக்கிற இடத்தில்தானே கட்ட வேண்டும்? மேலும் நன்றாக இருக்கட்டும் என்று இன்னும் ஒரு இழுப்பு. ஓய்வு? அதைப் பெல்ட்டே எடுத்துக்கொள்ளும் என்று முடிவு செய்துவிட்டாள். சின்னவளிடம், "பெல்ட் போட்டாச்சு, டாக்டர் வேலை செய்யலாம்னுட்டார்" என்றாள். தூங்கும்போதும் கழற்றவில்லை.

நான்காம் நாள் வலி தெரியவில்லை. கைவிரல்களும் தெரியவில்லை. லேசாக வீங்கி, வெளிறி, யாருடைய கையோ போலத் தொங்கின. சரியாகிவிட்டது என்று நினைத்தாள். ஐந்து மாதமாக உள்ளே எதுவும் தெரியாமலேயே காலம் ஓடியதில், தெரியாமல் இருப்பதுதான் குணம் என்று பழகிப்போயிருந்தது.

அன்று மூன்றாம் மாடி வக்கீலின் வெள்ளைச் சட்டை. முன்பக்கம் முடித்து இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள். பாதி உயரத்தில் பிடி நழுவியது. பெட்டி சட்டை மேலேயே குப்புற விழுந்தது. பதறவில்லை. மெதுவாகத்தான் கையைக் கொண்டுபோனாள். பிடியைத் தேடிய விரல்களின் பின்புறம் சூட்டுத் தகட்டின் விளிம்பில் ஒட்டி நின்றது.

கருகல் வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தாள். சட்டையில் பழுப்பாகப் பெட்டியின் அச்சு. அவள் விரல்களிலும் சிவப்பாக ஒன்று.

"அய்யோ அக்கா!" சின்னவள் ஓடிவந்து அவளைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பெல்ட்டைப் பிரித்தாள். உள்ளே தோலில் பள்ளமாகக் கோடு விழுந்திருந்தது. சிறிது நேரத்தில் விரல்களுக்குள் எறும்பு ஊர்ந்தது. அதற்குப் பிறகுதான் சூடு எரிந்தது.

"இவ்ளோ இறுக்கி என்னத்தைக் கட்டி வச்ச? கையையா, ஓடிப்போற மாட்டையா?"

மடிப்பக்கா எரிகிற விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை சின்னவளும் உள்ளே வந்தாள். டாக்டர் சூட்டுக்காயத்துக்கு மருந்து போட்டு, விரல்களில் உணர்ச்சி முழுக்கத் திரும்பிவிட்டதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிசியோ அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண் எலும்பு மேட்டில் ஒரு விரலை வைத்தாள். அதிலிருந்து மணிக்கட்டுப் பக்கமாக இரண்டு விரல் தள்ளி, சதை புடைக்கும் இடத்தில் பெல்ட்டைக் கட்டினாள். "எலும்பு மேல இல்லம்மா. இரண்டு விரல் கீழே. உள்ள ஒரு விரல் நுழையணும். மரத்தா உடனே கழட்டுங்க. தூங்கறப்போ வேண்டவே வேண்டாம். இதைக் கட்டிக்கிட்டு அதே வேலையைச் செஞ்சா இது என்ன பண்ணும்?"

"கேளு, நல்லாக் கேளு" என்றாள் சின்னவள், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பற்றிப் புகார் சொல்ல வந்தவள் மாதிரி.

அன்றிலிருந்து மடிப்பக்கா மாடியில் தன் வீட்டிலேயே இருந்தாள். காலி நாற்காலிக்கு எதிரே. கை வேலை முழுக்க நிற்கவில்லை. முகம் கழுவலாம், சோறு போட்டுக்கொள்ளலாம், பை எதையாவது எடுப்பதென்றால் உள்ளங்கை மேலே பார்க்க, முழங்கையை மடக்கி. மூன்றாவது வாரம் பிசியோ பெண் தண்ணீர் பாட்டில் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். முன்கையை மேசையில் வைத்து, கையை விளிம்புக்கு வெளியே விட்டு, அரை லிட்டர் பாட்டிலை இடது கை உதவியால் மேலே கொண்டுவந்து, வலது கையால் மட்டும் மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். கொஞ்சம் வலிக்கலாம், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும், அடங்காவிட்டால் ஒரு படி பின்னால். அவள் பாட்டிலை இறக்கினாள். மீண்டும் ஏற்றினாள். நாற்காலி பார்த்துக்கொண்டிருந்தது.

கீழே ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. முதல் மாடி அம்மா மட்டும் தினமும் வந்து செய்தி வாசித்தாள். "உன் ஓரகத்தி நல்லாத்தான் தேய்க்கிறா. வக்கீலே சிரிச்சுக்கிட்டுப் போறார்." மடிப்பக்கா "ம்" என்றாள். ஒவ்வொரு முறை கீழே இரும்புச் சத்தம் கேட்கும்போதும் கொழுந்தன் ஸ்பேனரோடு மேசையடியில் குனிந்திருப்பதாகவே தோன்றியது. இரண்டு நிமிட வேலை. அவள் எழுந்து போய்த் தடுக்கவும் இல்லை. தடுப்பதற்கு வேண்டியது எதுவோ அவளிடம் தீர்ந்திருந்தது.

எட்டாவது வாரம் பிசியோ பெண் சொன்னாள்: "கைக்குட்டையில ஆரம்பிங்க. ஒரு நாளைக்குப் பத்து. ஒரு நாள் விட்டு ஒரு நாள். பெட்டியைத் தூக்கி நிறுத்தாதீங்க. மேசை மட்டத்துலயே ஒரு தகடு வச்சு, தள்ளி ஏத்துங்க. கைப்பிடியில துணி சுத்திப் பருமனாக்குங்க, இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது."

மறுநாள் காலை படியிறங்கினாள். கடைசிப் படிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

மேசை இறங்கவில்லை. அதே துளை, அதே போல்ட்டு, அதன் மேல் படிந்த தூசுகூடக் கலையவில்லை. மேசைக்கு முன்னால் கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டி ஒன்று. அதன் மேல் சின்னவள். பலகையில் இரண்டு பாத அளவுக்குத் தேய்ந்து வழுவழுப்பாகி இருந்தது. கணுக்கால் எலும்பில் ஆறியும் ஆறாததுமாக மூன்று சிராய்ப்பு.

"இது என்னடி?"

"ஏணி" என்றாள் சின்னவள். "மாமா அன்னிக்கே சொன்னாரே."

"மேசையை இறக்கியிருக்கலாமே."

"இறக்கிட்டு? நீ வந்ததும் கூனிக்கிட்டுத் தேய்ப்பியா? முழங்கை போய் முதுகு வரணுமா? போன வாரம் ரெண்டு தடவை விழுந்தேன், தெரியுமா? வக்கீல் எதிர்லயே. அந்த மனுஷன் இன்னும் சிரிக்கிறார்."

சின்னவள் குதித்து இறங்கிப் பழப்பெட்டியைக் காலால் ஓரம் தள்ளினாள். கைப்பிடியில் ஏற்கெனவே பழைய பனியன் துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் தகடும் தயாராக இருந்தது.

மடிப்பக்கா பெல்ட்டை எடுத்தாள். எலும்பில் விரல் வைத்து, இரண்டு விரல் கீழே அளந்து, கட்டினாள். உள்ளே ஒரு விரல் விட்டுப் பார்த்தாள். முதல் கைக்குட்டையை விரித்தாள். பெட்டி நகர்ந்தது. மடிப்பு ஒன்று, மடிப்பு இரண்டு. தகட்டின் மேல் தள்ளி ஏற்றினாள். ஐந்தாவது கைக்குட்டையில் நின்றாள்.

"வலிக்குது" என்றாள்.

ஏழு மாதத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது அதுதான் முதல் தடவை. முதல் மாடி அம்மா அப்போது பார்த்துப் படியிறங்கிக்கொண்டிருந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"எவ்ளோ?" என்றாள் சின்னவள்.

மடிப்பக்கா யோசித்தாள். "கொஞ்சம்."

"அப்போ அஞ்சோட நிறுத்து. மிச்சம் நாளன்னிக்கு."

சின்னவள் பழப்பெட்டியை மறுபடி இழுத்துப் போட்டு ஏறினாள். மடிப்பக்கா ஸ்டூலை நகர்த்தி மேசையோரமாக உட்கார்ந்து, வலிக்கிற கையை மடியில் வைத்துக்கொண்டாள்.