குத்துவிளக்கு முகம்

“குத்துவிளக்கு எண்டால் குத்துவிளக்குத்தான்! அதிலை என்ன பிழை—”

“பெரியம்மா, உங்கடை தமிழ்ப் பக்கத்திலை இருக்கிற எல்லாப் பெட்டையளுமே குத்து—”

“என்னைக் கதைக்க விடடி. நான் கலியாணம் பேசத் தொடங்கேக்கை நீ பிறக்கவுமில்லை!”

“இப்ப பிறந்திட்டன் தானே! அந்த ஜீவன் ஃபோனிலை கேட்டது உங்களுக்கும் கேட்டதுதானே? நிரஞ்சலா எண்டு ஒரு பொம்பிளையா, ரெண்டு பொம்பிளையா எண்டு கேக்கிறார்!”

குணமணிக்கு நன்றாகவே கேட்டிருந்தது. அதுதான் கோபம்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், புடைவைக் கடையொன்றின் மேல்மாடியில் இருந்தது அவளுடைய திருமண சேவை நிலையம். வரன்களின் படங்களைக் கைப்பையில் சுமந்து திரிந்த காலம் போய், தங்கை மகள் லதுஷா அவற்றையெல்லாம் இணையத்தில் ஏற்றிவிட்டாள். தமிழில் ஒரு பக்கம், வெளிநாட்டுக்காரருக்காக ஆங்கிலத்தில் ஒரு பக்கம். ஒவ்வொரு படத்தோடும் நிரப்புவதற்கு ஒரு கட்டம் வந்தது. “இதிலை எழுதுறது திரையிலை தெரியாது பெரியம்மா. கண் தெரியாத ஆக்களுக்கு அவையின்ரை ஃபோன் வாசிச்சுச் சொல்லும். படத்திலை என்ன இருக்கெண்டு எழுதுங்கோ” என்று விளக்கி, தமிழ்ப் பக்கத்தைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு, ஆங்கிலப் பக்கத்தைத் தான் எழுதினாள்.

திரையில் தெரியாது என்ற ஒன்றைத்தான் குணமணி பிடித்துக்கொண்டாள். தெரியாத இடத்தில் நாலு நல்ல வார்த்தை போட்டால் யாருக்கு என்ன நட்டம்? வாயால் சொல்லிப் பழகியதையெல்லாம் கொட்டினாள். குத்துவிளக்கு முகம், மகாலட்சுமி களை, குடும்பப் பாங்கு. படங்களின் ஓரத்தில் அலங்காரத்துக்கு வைத்த கும்பச் சித்திரத்தைக்கூட விடவில்லை: ‘மங்களம் பொங்கும் பூரண கும்பம்.’

ஜீவன் ஹல்துமுல்லைக்காரன். பதுளையில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இணைப்பாளர். பிறவியிலேயே பார்வையில்லை. காலையில் அவன் பேசியது இன்னும் அவள் காதுக்குள் இருந்தது.

“அம்மா, ஒவ்வொரு பொண்ணுக்கும் முன்னால ஒரு கும்பம் வருதுங்க. கும்பம் தாண்டினா குத்துவிளக்கு. கோயிலுக்குள்ள போயிட்டேனான்னு பயந்துட்டேன். என் படத்துல என்ன போட்டிருக்கீங்கன்னு கேட்டேன். ‘இராச களை பொருந்திய முகம்’னு ஃபோன் சொல்லுச்சு. எங்கம்மா சிரிச்சதுல டீ சிந்திப்போச்சு.”

பிறகுதான் விஷயத்துக்கு வந்தான். நிரஞ்சலாவைப் பற்றி எழுதியிருந்தது அவனுக்குப் பிடித்திருந்ததாம். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள், பாட்டுப் பிரியை. ஆனால் தமிழ்ப் பக்கத்தில் அவள் குத்துவிளக்கு. ஆங்கிலப் பக்கத்தில், வாய்விட்டுச் சிரிக்கிற, கன்னத்தில் தீக்காயத் தழும்புள்ள ஒருத்தி. “எந்தப் பொண்ணைப் பாக்க நான் வரணும்? மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல எடுக்கிறேன், கேட்டுச் சொல்லுங்க.”

“நீ ஏன் தழும்பைப் பற்றி எழுதினாய்?” என்றாள் குணமணி, குரலைத் தாழ்த்தி. “அந்தப் பிள்ளைக்கு இது நல்ல இடம். அவருக்கோ தெரியப் போறதில்லை.”

“படத்தைப் பாக்கிற எல்லாருக்கும் தெரியுது பெரியம்மா. அவருக்கு மட்டும் ஏன் மறைக்கிறது?” என்றாள் லதுஷா. “நானும் பிழைதான் விட்டிட்டன். அவவிட்டைக் கேக்காமல் எழுதிப்போட்டன். வரச்சொல்லியிருக்கிறன்.”

வெளியே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து வந்த நிரஞ்சலா, குடையைக் கதவோரம் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். இடது கன்னத்திலிருந்து கழுத்து வரை தழும்பு தெரிந்தது. அதை மறைக்க முந்தானையை இழுக்கிற பழக்கம் அவளிடம் இல்லை.

லதுஷா ஜீவன் கேட்டதைச் சொல்லி, இரண்டு பக்கத்தையும் வாசித்துக் காட்டி, மன்னிப்பும் கேட்டாள். நிரஞ்சலா ஆங்கிலத்தைக் கேட்டுத் தலையாட்டினாள். தமிழைக் கேட்டுச் சிரித்தே விட்டாள்.

“குத்துவிளக்கா? எங்க காம்பரா பிள்ளைங்க கேட்டா எனக்கு எண்ணெய் ஊத்திருவாங்கம்மா.”

“உன்ரை நன்மைக்குத்தான் பிள்ளை—”

“தெரியுங்கம்மா. ஆனா இந்தப் படத்தை நான் ஏன் குடுத்தேன்? ஸ்டுடியோவுல தழும்பு தெரியாம எடுத்ததும் வீட்டுல இருக்கு. அதைக் குடுத்தப்ப ரெண்டு குடும்பம் வந்தாங்க. என் மொகத்தைப் பாத்தாங்க, எங்கம்மா மொகத்தைப் பாத்தாங்க, டீயைக் குடிச்சுட்டு எந்திரிச்சுட்டாங்க. இனி அப்படி ஒருத்தரும் எங்க லயத்து வீட்டு வாசல்ல வந்து நிக்கக் கூடாதுன்னுதான் இதைக் குடுத்தேன்.”

“இவர் பாக்கமாட்டாரே, பிள்ளை.”

“இவரு பாக்க மாட்டாரு. கூட வர்ற அவரோட அம்மா பாப்பாங்க. ‘மகன்கிட்ட மறைச்சுட்டாங்க’ன்னு சொல்லுவாங்க. அப்போ நான் பொய் சொன்னவளாயிருவேன்.”

பொய் என்ற சொல்லைக் குணமணியின் தொழிலில் யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. விளம்பரம் என்றுதான் சொல்வார்கள்.

“சரி. நீயே சொல்லு, இவள் எழுதட்டும்” என்று நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள்.

நிரஞ்சலா திரையைப் பார்த்து யோசித்தாள். “‘இந்தப் படத்தில்’னு ஆரம்பிக்கவா?”

“வேண்டாம். படம் எண்டு ஃபோனே சொல்லிடும். வயசு, வேலையும் வேண்டாம், பக்கத்திலை எழுதியிருக்கு. திரும்பக் கேட்டால் அலுப்பு.”

“அப்போ… ‘மதிலில் சாய்ந்து, வாய்விட்டுச் சிரிக்கும் பெண். இடது கன்னத்திலிருந்து கழுத்து வரை பழைய தீக்காயத் தழும்பு. நீலச் சேலை.’ போதுமா?”

“‘முத்துப் பல்’ எண்டு ஒண்டு மட்டும்…” என்றாள் குணமணி.

“பெரியம்மா!”

“கேட்டுப் பாத்தனான், அவ்வளவுதான்.”

லதுஷா இரண்டு பக்கத்திலும் ஒரே செய்தியை ஏற்றினாள். கும்பங்களின் கட்டத்தை வெறுமையாக விட்டாள். வெறுமையாக விட்டால் திரைவாசிப்பான் அவற்றைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். தன் கும்பங்கள் ஊமையாவதைக் குணமணி பெருமூச்சோடு பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீவனின் இராச களையும் போயிற்று. ‘வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, லேசான தாடி’ என்று வந்தது.

சாப்பாட்டு நேரத்துக்கு ஜீவன் எடுத்தான். குணமணி ஸ்பீக்கரைப் போட்டாள்.

“தம்பி, பொம்பிளை ஒண்டுதான். இப்ப திரும்பத் திறந்து பாரும். அவவே சொல்லி எழுதினது. அவ இங்கைதான் இருக்கிறா.”

அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம். பிறகு அவனுடைய ஃபோனின் இயந்திரக் குரல், அவசரமில்லாமல், ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தது. மதில். சிரிப்பு. தழும்பு. நீலச் சேலை. நிரஞ்சலா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். தன் முகத்தை இன்னொருவர் பார்த்து முடிக்கும்வரை அவள் காத்திருந்தது பலமுறை. இப்படிக் காது கொடுத்துக் காத்திருந்ததில்லை.

வாசிப்பு முடிந்தது. குணமணி மனதுக்குள் முடிவே கட்டிவிட்டாள். போச்சு, நல்ல இடம் போச்சு.

“கும்பத்தைக் காணோமே?” என்றான் ஜீவன்.

லதுஷா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அம்மாகிட்டயும் வாசிச்சுக் காட்டுறேங்க. அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்,” என்றவன் சற்றுத் தயங்கினான். “நிரஞ்சலா, தழும்பு எங்க இருக்குன்னு புரிஞ்சிருச்சு. இந்த ‘வாய்விட்டு’தான் புரியல. எந்த மாதிரிச் சிரிப்புங்க அது?”

“முத்துச் சிதறினாப்போல—” என்று தொடங்கிய குணமணியின் கையை லதுஷா பிடித்து அழுத்தினாள்.

நிரஞ்சலா ஃபோனுக்குக் கிட்டக் குனிந்தாள்.

“அதை எழுத வராதுங்க. ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஸ்பிரிங்வெளிக்கு வந்து, சிரிக்கிற மாதிரி எதாச்சும் சொல்லிப் பாக்குறீங்களா?”