முப்பத்தொன்றுக்கு அடுத்தது

இதில் வருவது அத்தனையும் சத்தியம். ஒரு வார்த்தை பொய் என்றாலும் கேட்கிறவர் காது அறுந்து விழட்டும்.

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. தற்காலிக வேலை. மதியம் வரும் அதிகாரி வகுப்பைப் பார்த்து நல்லதாக நாலு வார்த்தை எழுதினால்தான் அடுத்த வருஷமும் உண்டு.

சாமான்களில் குறையில்லை. கழுவிக் காயவைத்த பாட்டில் மூடிகள். பெட்டி அட்டையில் கோடு போட்ட பத்துக் கட்டங்கள். பழைய தினசரிக் காலண்டரில் வெட்டி அட்டையில் ஒட்டிய எண்கள். அதிகாரி வருமுன் ஒருமுறை சோதித்துவிடலாம் என்று வகுப்பிலேயே வாயாடியான சிறுமியைக் கூப்பிட்டு மூடிகளை எண்ணச் சொன்னாள்.

"முப்பது, முப்பத்தொண்ணு, ஒண்ணு, ரெண்டு..."

"ஏன்டி மறுபடி ஒண்ணு?"

"மாசம் முடிஞ்சிடுச்சுல்ல டீச்சர்."

வகுப்பே ஆமோதித்தது. காலண்டரில் முப்பத்தொன்றோடு சரி என்பது டீச்சருக்குத் தோன்றவே இல்லை.

"எங்கப்பாவுக்கு முப்பத்தஞ்சாம். அப்படி ஒரு எண்ணே இல்லப்பா, உனக்கு நாலு வயசுதான்னு சொல்லிட்டேன்" என்றாள் வாயாடி. அன்றிலிருந்து அந்த மனிதர் வேலைக்குப் போகாமல் பொம்மை கேட்டு அழுகிறாராம்.

வாசலில் நின்ற தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"காலண்டர் வாங்கிட்டு வந்தது நீங்கதானே சார்?"

"ஓசியில வேற எவ்வளவும்மா கிடைக்கும்?"

டீச்சர் உட்காரவில்லை. ஆணியைச் சூடாக்கி மூடிகளில் ஓட்டை போட்டாள். பத்துக் கட்டம் நிரம்பினால் அந்தப் பத்து மூடியும் கயிற்றில் ஏறி ஒரு மாலை. மூன்று மாலை சேர்ந்ததும் கட்டத்தில் இரண்டு மூடி வைத்தாள். '30' அட்டையின் சைபர் மேல் '2' அட்டையை வைத்து மூடினாள்.

"இப்ப?"

வாயாடி தலையைச் சொறிந்தாள். "மூணு மாலை, ரெண்டு மூடி. முப்பத்திரெண்டு. அப்போ எங்கப்பா?"

"பெரியவர்தான்."

அவ்வளவுதான், கூட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. '10'லிருந்து சைபரைக் கத்தரித்தார்கள், நாலோடு சேர்த்து நாற்பது, ஐந்தோடு சேர்த்து ஐம்பது. குப்பைத்தொட்டி மூடிவரைக்கும் பறித்துவந்தார்கள். அது கட்டத்துக்குள் அடங்காததால் மட்டும் திருப்பி அனுப்பப்பட்டது. ஒன்பது மாலை ஆயிற்று. கட்டத்தில் ஒன்பது மூடி. ஒரு கட்டம் காலி. வகுப்பு மொத்தமும் அதையே முறைத்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர் பாட்டிலும் கையுமாக அதிகாரி உள்ளே வந்தார்.

"எதுவரைக்கும் எண்ணுவீங்க?" என்றார்.

"அது உங்க கையில இருக்கு சார்" என்றாள் வாயாடி. "அந்த மூடியக் குடுங்க."

அதிகாரி மூடியைத் திருகிக் கொடுத்தார். கட்டம் நிரம்பியது, பத்தாவது மாலை ஏறியது. நூறு. அதிகாரி அங்கேயே நாலு வார்த்தை கேட்ட இடத்தில் நாலு பக்கம் எழுதினார். பிறகு பாட்டில் வாயில் கட்டைவிரலைச் செருகியபடி பஸ் ஏறினார். விரல் இன்னும் வெளியே வரவில்லை என்று கேள்வி. டீச்சர் வேலை நிரந்தரமானது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கீழே வகுப்பே கிடையாது. கேட்டவர் காதைத் தடவிப் பார்த்துக்கொள்ளட்டும்.